அலறிய வாய் மூடும் முன்பே சிரிப்பு

"மச்சான், இந்த ரூம்ல ஒண்ணுமே இல்லடா, நீ தைரியமா வா, நான் இங்கதான்..."

அவ்வளவுதான். அதற்கு மேல் குரல் வரவில்லை. அலறல் இல்லை, உதவி கேட்கும் சத்தம் இல்லை. இருட்டுக் கூடத்தின் மறுமுனையில் நிற்கும் நண்பருக்குக் கேட்டது அந்தப் பாதி வாக்கியம் மட்டும்தான். ஓரிரு நொடி அசையாமல் நிற்கிறார். பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடுகிறார்.

லீதல் கம்பெனி என்ற கணினி விளையாட்டில் இது ஒவ்வொரு இரவும் நடக்கிற காட்சி. ஸீகர்ஸ் என்ற புனைபெயரில் இயங்கும் ஒரே ஒருவர் உருவாக்கிய விளையாட்டு இது. ரோப்லாக்ஸ் தளத்தில் விளையாட்டுகள் செய்து பழகியவர் அவர். 2023 அக்டோபர் 23 அன்று, இன்னும் முழுமை பெறாத நிலையிலேயே, ஸ்டீம் கடையில் 10 டாலருக்கும் குறைவான விலைக்கு வெளியிட்டார். பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் படங்கள் கரடுமுரடாக இருக்கும், மனித உருவங்கள் பொம்மை போல இருக்கும். ஆனாலும் சில வாரங்களிலேயே ஸ்டீமில் மிக அதிகமாக விற்கும் விளையாட்டுகளில் ஒன்றாகிவிட்டது. அதன் பிறகு இதே பாணியில் வரிசையாகப் பல விளையாட்டுகள் வந்தன. நண்பர்கள் கூடிக் கத்திச் சிரிப்பதற்கென்றே பேய் விளையாட்டு என்பது இன்று தனி வகையாகிவிட்டது.

பயமுறுத்தும் விளையாட்டுகள் கணினிக்குப் புதிதல்ல. ஆனால் பழைய ஹாரர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஆளைத் தனியே விடுபவை. விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்செட் மாட்டி, யாருமில்லாத மாளிகையில் ஒருவர் மட்டும் நடப்பார். அந்தப் பயம் விளையாட்டை மூடிய பிறகும் கூடவே வரும். படுக்கப் போகும்போது கதவைத் தாழிட்டோமா என்று இரண்டாவது முறை பார்க்க வைக்கும். அந்த வகைக்கும் ரசிகர்கள் உண்டு. நான் இங்கே சொல்லப்போவது அதைத் தாங்க முடியாதவர்களும் விரும்பி விளையாடும் வகையைப் பற்றி.

லீதல் கம்பெனியின் கதை மிகச் சிறியது. அதிகபட்சம் நான்கு பேர் ஒரு விண்கலத்தில் பயணம் செய்யும் கூலியாட்கள். கைவிடப்பட்ட நிலவுகளில் இறங்கி, அங்குள்ள பாழடைந்த தொழிற்கூடங்களுக்குள் புகுந்து, பழைய சாமான்களைப் பொறுக்கி வந்து கம்பெனிக்கு விற்க வேண்டும். மூன்று நாளுக்குள் இவ்வளவு பணத்துக்குச் சரக்கு சேர்க்க வேண்டும் என்று ஓர் இலக்கு இருக்கும். முதல் இலக்கு 130. அதை எட்டினால் அடுத்த இலக்கு கூடும். எட்டாவிட்டால் கம்பெனி எல்லோரையும் கலத்திலிருந்து விண்வெளிக்குத் தூக்கி வீசிவிடும், ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். அந்தத் தொழிற்கூடங்களில் பேய்களும் பூச்சிகளும் குடியிருக்கின்றன என்பதுதான் சிக்கல்.

இந்தக் கதையில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? என் கணிப்பில் முக்கால்வாசி குரலிலிருந்து வருகிறது. விளையாடுபவர்கள் மைக்கில் பேசுவது விளையாட்டுக்குள்ளே தூரத்துக்கு ஏற்பக் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் பேசினால் தெளிவாகக் கேட்கும். பத்தடி தள்ளிப் போனால் தேயும். இரண்டு அறை தள்ளிப் போனால் எதிரொலியோடு ஏதோ முணுமுணுப்பாக வரும். அதற்கும் அப்பால் ஒன்றுமே கேட்காது. வாக்கிடாக்கி வாங்கி வைத்திருந்தால் தூரத்திலிருந்தும் பேசலாம். ஆனால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், குரலும் கரகரவென்று வரும். இறந்தவரின் குரல் அந்த நொடியிலேயே நின்றுவிடும். வார்த்தையின் நடுவில் இறந்தால் வார்த்தையின் நடுவில் நிற்கும்.

அரைகுறையாகக் கேட்கிற இந்தக் குரல்தான் எல்லாவற்றையும் செய்கிறது. தூரத்தில் நண்பன் கத்துவது கேட்கிறது, என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. "ஓடு" என்கிறானா, "ஓடி வா" என்கிறானா? தெரியாமலேயே முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் தப்பான முடிவாகத்தான் இருக்கும். கத்தல் மெல்ல நெருங்கி வருகிறது. மூலையில் திரும்பி அவன் நம்மைக் கடந்து ஓடுகிறான், பின்னாலேயே அவனைத் துரத்தியதும் வருகிறது. இதில் யாரும் நகைச்சுவை எழுதி வைக்கவில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவனின் நிஜமான பயம் நம் காதில் விழுகிறது, அவனுக்கு உண்மையில் எதுவும் ஆகாது என்பதும் தெரிகிறது. இரண்டும் சேரும் இடத்தில் சிரிப்பு பீறிடுகிறது. மனிதர்கள் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று சிரிப்பையே ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் கண்டறிந்தார். இந்த விளையாட்டில் அந்தக் கூட்டம் நொடிக்கு நொடி உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இறந்தவர்களுக்கும் பங்கு உண்டு. இறந்தவர் உயிரோடிருப்பவர்களின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் பேசுவதைக் கேட்கலாம், மற்ற இறந்தவர்களோடு பேசலாம். உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் இவர்கள் குரல் கேட்காது. தான் செத்த அதே அறைக்குள், அதே பூச்சிக்குக் கீழே, நண்பன் "இங்க சேஃப்தான்" என்று சொல்லிக்கொண்டே நுழைவதை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும்போது எழும் சிரிப்புக்கு ஈடில்லை. விண்கலம் கிளம்பியதும் எல்லோரும் உயிர் பெற்று வந்துவிடுவார்கள். ஒரு நாள் என்பது நிஜத்தில் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் யாரும் நெடுநேரம் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சாவு மலிவாக இருப்பதுதான் இங்கே பயத்தின் விஷத்தை எடுத்துவிடுகிறது.

பேய்களின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தெளிவான விதி உண்டு. அந்த விதி எப்போதும் இன்னொரு மனிதரை நம்ப வைக்கும் விதியாக இருக்கும். காயில் ஹெட் என்று ஒன்று. ஆடை கடைப் பொம்மை போன்ற உடல், கழுத்தில் ஒரு ஸ்பிரிங், அதன் மேல் தலை. யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அசையாது. எல்லோரும் கண்ணை எடுத்த நொடியில் பாய்ந்து வரும். தனியாக இருந்தால் இது நிஜமான கொடுங்கனவு. இரண்டு பேர் இருந்தால் பேச்சுவார்த்தை தொடங்கிவிடும்.

"நீ பார்த்துட்டே இரு, நான் மெயின் டோர் எங்க இருக்குன்னு பாத்துட்டு வரேன்."

"போறதா இருந்தா நான் போறேன், நீ பாரு."

"சரி, ரெண்டு பேருமே பின்னாடியே நடப்போம்."

இருவரும் அதைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கிறார்கள். ஒருவர் கைப்பிடி இல்லாத பாலத்திலிருந்து கீழே விழுகிறார். மற்றவர் என்ன ஆயிற்றென்று திரும்பிப் பார்க்கிறார். ஆட்டம் முடிந்தது. அந்த ஒரு விதியிலிருந்து நம்பிக்கை, சந்தேகம், துரோகம், பழி எல்லாம் தாமாகவே பிறந்துவிடுகின்றன.

முதன்முதலில் விளையாடும் நால்வரின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். தொடக்கத்தில் கையில் 60 இருக்கும். வாக்கிடாக்கி ஒன்று 12, கைவிளக்கு ஒன்று 15. இரண்டு வாக்கிடாக்கியும் இரண்டு விளக்கும் வாங்கினால் 54 போய்விடும், மிச்சம் 6. அடிப்பதற்கு மண்வாரி வேண்டுமென்றால் அதற்கு 30 தேவை, இப்போது வாங்க முடியாது. கலத்திலுள்ள கணினியில் பயணத்துக்கு 41-Experimentation என்ற நிலவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே போகக் கட்டணம் இல்லை. விளையாட்டின் கணக்கில் காலை 8 மணிக்கு இறங்குகிறார்கள். நள்ளிரவில் கலம் தானாகவே கிளம்பிவிடும். அதற்குள் வராதவர்கள் அங்கேயே விடப்படுவார்கள்.

நால்வரில் அதிகம் பயப்படுபவர் கலத்திலேயே இருக்கிறார். அவர் கையில் ஒரு வாக்கிடாக்கி. அவருக்கு முன்னால் ஒரு திரை. அதில் நண்பர்கள் நகரும் புள்ளிகளாகத் தெரிவார்கள், அருகில் நடமாடும் உயிரினங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். உள்ளே பூட்டிய கனமான கதவுக்கோ, சுடும் துப்பாக்கிக்கோ திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட குறி இருக்கும். `c7` என்பது போன்ற அந்தக் குறியைக் கணினியில் தட்டச்சு செய்தால் கதவு திறக்கும், துப்பாக்கி சில நொடி அணையும். பயந்தவருக்கு என்று கொடுத்த வேலை இது, ஆனால் நான்கு உயிரும் இவர் கையில்தான். அவசரத்தில் இவர் தவறான குறியைத் தட்டினால் தப்பி ஓடும் நண்பனின் முகத்துக்கு நேராகக் கதவு மூடிக்கொள்ளும்.

மற்ற மூவர் உள்ளே போகிறார்கள். விளக்கு இரண்டுதான் என்பதால் மூன்றாமவர் நடுவில். முதல் அறையில் ஒரு கெட்டில் கிடைக்கிறது, 40 தேறும். அடுத்ததில் ஒரு பெரிய போல்ட், 24. மூன்றாவது அறையில் சாலையோரம் நடும் 'ஸ்டாப்' பலகை ஒன்று. அதற்கு விலையும் உண்டு, அதை வைத்து அடிக்கவும் செய்யலாம். நான்காவதாகக் கோமாளி ஊதும் ஹாரன். கண்டிப்பாக யாராவது அதை அழுத்திப் பார்ப்பார்கள். விளையாட்டை வடிவமைத்தவருக்கு மனிதர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அப்போது கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்நேர் ஃப்ளீ என்ற நீளமான பூச்சி நடுவில் நடந்தவரின் தலையில் விழுந்து முகத்தைச் சுற்றிக்கொள்கிறது. அவருடைய குரல் தலையணைக்குள் பேசுவது போல அமுங்கிப்போகிறது. அவர் "அடி, அடி" என்று கத்துவது "ம்ம்ம், ம்ம்ம்" என்றுதான் மற்றவர்களுக்குக் கேட்கும். பலகை வைத்திருப்பவர் பூச்சியை அடிக்கிறார். குறி தவறினால் அந்த அடி நண்பனுக்கு விழும், அவன் உயிரும் குறையும். பூச்சி சாகிறது. நண்பன் சாகும் தறுவாயில் நொண்டுகிறான். யார் அடி அதிகம் வலித்தது என்ற விவாதம் அடுத்த பத்து நிமிடத்துக்குப் போகும்.

இருட்டத் தொடங்கியதும் கலத்திலிருப்பவர் வாக்கிடாக்கியில் குசுகுசுக்கிறார். வெளியே கண்ணில்லாத நாய் வந்துவிட்டது. யானை அளவு பெரிய அந்த நாய்க்குப் பார்வை கிடையாது, காது உண்டு. விளையாட்டுக்குள் எழும் காலடிச் சத்தம் மட்டுமல்ல, நம் மைக்கில் விழும் நிஜக் குரலும் அதற்குக் கேட்கும். பயந்துபோன நான்கு பேர், பேசக் கூடாது, குனிந்து நடக்க வேண்டும். அந்த அமைதியில்தான் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். மூச்சை அடக்கிக்கொண்டு கலத்துக்கு நான்கடி தூரத்தில் வரும்போது ஒருவருடைய வீட்டுச் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: "சோறு ஆறிப்போகுது, வரியா இல்லையாடா?" நாய் திரும்புகிறது. ஹாரன் வைத்திருந்தவர் அதோடு போய்விட்டார். அந்த ஹாரனும் தரையில் கிடக்கிறது. யாரும் எடுக்கத் துணியவில்லை.

கலம் கிளம்புகிறது. கெட்டிலும் போல்ட்டும் சேர்ந்து 64. பலகையை யாரோ ஓட்டத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இலக்கில் பாதிகூட வரவில்லை, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. திரையில் அன்றைய அறிக்கை வருகிறது. யார் மிகவும் சோம்பேறி, யார் அதிகம் அடிபட்டவர், யார் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்த சந்தேகப் பிராணி என்றெல்லாம் கம்பெனி பட்டம் கொடுத்திருக்கும். கடைசி நாளில் கம்பெனிக்கு நேரே போய் விற்றால்தான் முழு விலை. அவசரப்பட்டு முன்பே விற்றால் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

இந்த விளையாட்டுக்குப் பின்னால் வந்தவற்றில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஸ்வீடனின் லேண்ட்ஃபால் நிறுவனம் 2024 ஏப்ரல் 1 அன்று வெளியிட்ட கன்டென்ட் வார்னிங் ஒரு வீடியோ கேமராவை நண்பர்கள் கையில் கொடுத்துப் பாதாளத்துக்கு அனுப்புகிறது. ஒன்றரை நிமிடத்துக்குப் பேயைப் படம் பிடிக்கலாம். உயிரோடு திரும்பினால் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பார்கள். கத்தியதையே மறுபடி பார்த்துச் சிரிப்பதற்கு விளையாட்டுக்குள்ளேயே இடம் ஒதுக்கியது நல்ல யோசனை. முதல் 24 மணி நேரம் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இன்னொன்று ரெப்போ. இதுவும் ஸ்வீடனைச் சேர்ந்த செமிவொர்க் நிறுவனத்துடையது, 2025 பிப்ரவரி 26 அன்று வந்தது. ஆறு பேர் வரை விளையாடலாம். எல்லோரும் குட்டி ரோபோக்கள். பேசும்போது வாய்மூடி படபடவென்று திறந்து மூடும். பியானோ போன்ற கனமான பொருளை மூன்று நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். சுவரில் இடித்தால் இடிக்கு இவ்வளவு என்று விலை குறைவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வளைவில் திருப்பும்போது "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள். இறந்தவரின் தலை மட்டும் தரையில் கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரக்கு ஒப்படைக்கும் இடத்தில் வைத்தால் அவர் உயிர் பெறுவார். பயம் லீதல் கம்பெனியை விடவும் குறைவு, கூத்து கூடுதல்.

இந்த வகைக்கு வழி திறந்தது 2020இல் வந்த பாஸ்மோஃபோபியா. இங்கிலாந்தின் கைனெடிக் கேம்ஸ் உருவாக்கியது. நால்வர் ஒரு வீட்டுக்குள் போய் அங்கிருப்பது எந்த வகைப் பேய் என்று கருவிகளால் கண்டுபிடிக்க வேண்டும். நாம் பேசுவது பேய்க்குக் கேட்கும் என்பதை இதுதான் பலருக்கு முதலில் அறிமுகம் செய்தது. நல்ல விளையாட்டு. ஆனால் அதில் பொறுமையும் துப்பறிவும் அதிகம் வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் நிஜ பயம் உடம்பில் ஏறிவிடும். சிரிக்கத்தான் கூடுகிறோம் என்றால் இதை முதலில் எடுக்க வேண்டாம்.

நல்ல விளையாட்டை வாங்கியும் பல கூட்டங்களுக்குச் சிரிப்பு வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வழக்கம்போல டிஸ்கார்டிலோ வாட்ஸாப்பிலோ குழு அழைப்பில் பேசிக்கொண்டே விளையாடுகிறார்கள். அப்போது தூரம் என்பதே இல்லாமல் போய்விடுகிறது. எல்லோர் குரலும் எப்போதும் காதோரத்தில் ஒலிக்கிறது, செத்தவனும் பேசிக்கொண்டிருக்கிறான். "டேய், நான் செத்துட்டேன், லெஃப்ட்ல போகாத" என்று அவன் சொல்லிவிட்டால் மேலே விவரித்த எதுவுமே நடக்காது. நாய்க்கும் ஒன்றும் கேட்காது. வெளி அழைப்பை மூடிவிட்டு விளையாட்டுக்குள்ளே இருக்கும் குரலை மட்டும் பயன்படுத்த வேண்டும். மைக்கைப் பொத்தான் அழுத்தினால் மட்டும் பேசும்படி வைக்காமல் திறந்தே வையுங்கள். பயத்தில் வரும் சத்தத்துக்கு யாரும் பொத்தான் அழுத்துவதில்லை. ஸ்பீக்கரில் விளையாடினால் மற்றவர்கள் குரல் உங்கள் மைக்கிலேயே திரும்ப நுழைந்து எதிரொலிக்கும், அதனால் சாதாரண ஹெட்செட்டாவது வேண்டும்.

இன்னொரு தடை எல்லாம் தெரிந்த நண்பர். நூறு மணி நேரம் ஆடியவர் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், கதவைத் திறக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கும், எப்படித் தப்பிக்க வேண்டும் என்று வகுப்பெடுப்பார். சரக்கு நிறையச் சேரும், சிரிப்பு சேராது. அப்படி ஒருவர் இருந்தால் அவரைக் கலத்தில் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, கேட்டால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பேய்களின் விதிகளைச் செத்துச் செத்துக் கண்டுபிடிப்பதுதான் முதல் சில இரவுகளின் இன்பம். எல்லா விதியும் தெரிந்த பிறகு ஆட்டம் சுவை குறைவது இயல்பு. அப்போது வேறொன்றுக்கு மாறலாம்.

லீதல் கம்பெனி, ரெப்போ, கன்டென்ட் வார்னிங் மூன்றும் கணினிக்கானவை. கைப்பேசியில் இதே பெயரில் எதையாவது பார்த்தால் அது போலியாகத்தான் இருக்கும், பதிவிறக்க வேண்டாம். லீதல் கம்பெனி பெரிய இடமும் பிடிக்காது, 1 ஜிபி அளவுதான். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒருவரின் கணினிதான் மற்றவர்களுக்கும் மையமாக இயங்குவதால், இணைய இணைப்பு நன்றாக உள்ளவர் ஆட்டத்தைத் தொடங்கி மற்றவர்களை அழைப்பது நல்லது. தொடங்கும்போது நண்பர்களுக்கு மட்டும் என்ற தேர்வைப் போடுங்கள். பொதுவாக விட்டால் முன்பின் தெரியாதவர்கள் நுழைந்து வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். சிறு பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுகள் ஏற்றவையல்ல, கழுத்து முறிவதும் உடல் சிதறுவதும் பொம்மைத்தனமாக இருந்தாலும் இருக்கத்தான் செய்கின்றன. திடீர் அலறல்கள் காதைத் துளைக்கும் என்பதால் ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள்.

நான்கு பேர் சேர்ந்தால் லீதல் கம்பெனியிலிருந்து ஆரம்பியுங்கள். ஐந்து ஆறு பேர் என்றாலோ, கூட்டத்தில் நிஜமாகவே பயந்த சுபாவம் உள்ள ஒருவர் இருந்தாலோ ரெப்போவை எடுங்கள். ஆரம்பிக்கும் முன் வீட்டில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், நாய்க்குக் காது கூர்மை.